நிற்கப் போதும், முந்தப் போதாது

இருவழிப் பாதையாக ஓடும் ஒரு மாநில நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். போக ஒரு தடம், வர ஒரு தடம், நடுவில் பிரிப்புச் சுவர் கிடையாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்காகத் தரமாகப் போடப்பட்ட சாலை. அதில் ஒரு ஏற்றம் வருகிறது, உச்சியைத் தொடுகிறது, மறுபக்கம் இறங்குகிறது. இந்த உச்சியை எவ்வளவு மழுங்கலாக அமைப்பது என்று பொறியாளர் முடிவு செய்யும்போது அவர் மனத்தில் இருப்பது ஒரே கேள்விதான்: உச்சிக்கு அப்பால் நடுச்சாலையில் ஒரு கல் கிடந்தால், ஓட்டுநர் அதைப் பார்த்து, பிரேக்கை மிதித்து, முட்டாமல் நிற்க முடியுமா? முடியும் என்றால் சாலை விதிப்படி சரி. அதே உச்சியில் ஒருவர் முன்னால் போகும் பேருந்தை ஓவர்டேக் செய்ய முடியுமா என்பது பெரும்பாலும் அவருடைய கேள்வியே அல்ல. அதற்கும் சேர்த்துச் சாலை போட்டால் மேட்டையே வெட்டித் தள்ள வேண்டியிருக்கும். வளைவிலும் மேட்டிலும் முந்தாதே என்ற விதி இங்கிருந்துதான் பிறக்கிறது. சாலை எல்லா இடத்திலும் நிற்பதற்கு ஏற்றபடி போடப்பட்டிருக்கிறது, முந்துவதற்கு ஏற்றபடி சில இடங்களில் மட்டுமே போடப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல.

இந்தியாவில் நெடுஞ்சாலைகளின் அளவுகளை வகுக்கும் அமைப்பு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். 1976இல் அது வெளியிட்ட 66ஆம் எண் வழிகாட்டி, ஓட்டுநருக்கு முன்னால் எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பதைப் பற்றியது. 80 கிலோமீட்டர் வேகத்தில் பத்திரமாக நிற்க 120 மீட்டர் தெரிந்தால் போதும் என்கிறது அது. அதே வேகச் சாலையில் பத்திரமாக முந்த 470 மீட்டர் தெரிய வேண்டும். ஏறக்குறைய நான்கு மடங்கு. 100 கிலோமீட்டர் சாலையில் நிற்க 180, முந்த 640.

470 என்ற எண்ணைக் கேட்டதும் அரசுக் கணக்கின் அளவுக்கு மீறிய ஜாக்கிரதை என்று தோன்றலாம். நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேருந்து 60 கிலோமீட்டரில் போகிறது, பின்னால் வரும் கார் 80இல் முந்துகிறது. கார் வலப்பக்கம் விலகும்போது பேருந்துக்குப் பின்னால் 20 மீட்டர் இடைவெளி. பேருந்தின் நீளம் 12 மீட்டர், காரின் நீளம் 4. திரும்ப இடப்பக்கம் வரும்போது பேருந்தின் மூக்கை உரசாமலிருக்க இன்னொரு 20 மீட்டர். ஆக, பேருந்தைவிட 56 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசமோ 20 கிலோமீட்டர்தான், அதாவது வினாடிக்கு ஐந்தரை மீட்டர். எனவே கார் எதிர்த்தடத்தில் பத்து வினாடி இருந்தாக வேண்டும். அந்தப் பத்து வினாடியில் அது சாலையில் 222 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே இன்னொரு கார் 80இல் வந்தால் அதுவும் 222 மீட்டர் ஓடிவந்திருக்கும். கூட்டினால் 444. இது இரண்டு கார்களும் மயிரிழையில் தப்பும் கணக்கு. கொஞ்சம் மூச்சுவிட இடம் சேர்த்தால் 470 வந்துவிடுகிறது. மிகை ஏதும் இல்லை, இன்னும் சொல்லப்போனால் கஞ்சத்தனமான கணக்கு. எதிரே வருபவர் 100இல் வந்தால் மூச்சுவிட இடமில்லாமலே 500 ஆகிவிடும்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. முந்தத் தொடங்கிய எல்லோரும் முந்தி முடித்தாக வேண்டியதில்லை. பேருந்தின் பின்புறத்தைத் தாண்டுவதற்குள் எதிரே வண்டி தெரிந்தால், காலை எடுத்து, பழைய இடத்துக்கே திரும்பிவிடலாம். பேருந்தின் பக்கத்தில் பாதி தூரம் போன பிறகு நிலைமை மாறுகிறது. பின்வாங்க ஆகும் நேரமும் முடிக்க ஆகும் நேரமும் ஒன்றாகி, அதற்குப் பிறகு முன்னே போவதுதான் குறைந்த ஆபத்து. திரும்பமுடியாத இந்தப் புள்ளியை வழிகாட்டி கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. 80 கிலோமீட்டர் சாலையில் முந்துபவருக்குப் பன்னிரண்டரை வினாடி தருகிறது, எதிரே வருபவரின் ஓட்டத்துக்கு எட்டரை வினாடி மட்டுமே சேர்க்கிறது. முதல் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் முந்துபவர் மனம் மாறித் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையே அந்தத் தள்ளுபடி. ஆகவே 470 மீட்டர் என்பது, தயங்கத் தெரிந்த ஓட்டுநருக்கான எண். வலப்பக்கம் ஏறியதும் ‘இனி போய்த்தான் ஆகணும்’ என்று கண்ணை மூடிக்கொள்பவருக்கு அது போதாது. பின்னாலேயே இன்னொரு கார் ஒட்டிக்கொண்டு வந்து பழைய இடத்தை அடைத்துவிட்டாலும் போதாது. வரிசையாக மூன்று கார்கள் ஒரே மூச்சில் ஒரு லாரியைத் தாண்டும் காட்சியில், நடுவில் இருப்பவருக்குத் திரும்பும் வழி முதல் வினாடியிலேயே போய்விடுகிறது.

இப்போது மேட்டுக்குத் திரும்புவோம். 120 மீட்டரில் நிற்கும்படி போடப்பட்ட உச்சி ஏறக்குறைய 3,300 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தின் சிறு துண்டு. ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், சாலையில் கிடக்கும் கல் 15 சென்டிமீட்டர் உயரம் என்றும் வைத்து வரும் அளவு இது. இந்த உச்சியின் இருபக்கமும் இரண்டு கார்கள் ஏறிவந்தால், ஓட்டுநர்கள் இருவரும் ஒருவரையொருவர் எப்போது பார்ப்பார்கள்? வடிவியல் சொல்லும் விடை 178 மீட்டர். கல்லைவிடக் கார் உயரம் என்பதால் கொஞ்சம் முன்னாலேயே தெரிகிறது, அவ்வளவுதான். முந்தத் தேவை 470, தெரிவது 178. இதைவிட மோசமான செய்தி ஒன்றும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. சரி, முந்துவதைக் கைவிட்டு இருவருமே பிரேக் போடட்டும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொருவருக்கும் 120 மீட்டர் வேண்டும், சேர்த்து 240. அதுவும் இல்லை. கல் அசையாமல் கிடக்கிறது, எதிரே வரும் கார் அப்படிக் கிடப்பதில்லை. நிற்பதற்கென்று போட்ட அந்த உச்சி, நகராத தடைக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. குறையே இல்லாமல் விதிப்படி கட்டிய மேட்டில், விழிப்பான இரண்டு ஓட்டுநர்கள் உடனே பிரேக்கை மிதித்தும் நேருக்கு நேர் மோத முடியும். முந்த வந்தவர் எதிர்த்தடத்தில் இருந்தார் என்பது ஒன்றே அதற்குப் போதும். 470 மீட்டர் தெரியும்படி அந்த உச்சியைச் சரிசெய்ய ஆரம் 23,000 மீட்டருக்கு நீள வேண்டும். பார்வைக்கு அது மேடாகவே தெரியாது, கிட்டத்தட்டச் சமவெளி.

வளைவில் மறைப்பது தரையல்ல, உட்புறத்தில் நிற்பவை. 230 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் 120 மீட்டர் தெரிய, உட்பக்கத் தடத்தின் நடுவிலிருந்து சுமார் 8 மீட்டர் வரை எதுவும் மறைக்காமல் இருக்க வேண்டும். சாலையோரத்தைச் சுத்தமாக வைத்திருந்தால் கிடைத்துவிடும். அதே வளைவில் 470 மீட்டர் தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய 110 மீட்டர் அகலத்துக்கு மரம், வீடு, டீக்கடை, பயிர் எதுவும் இருக்கக்கூடாது. அவ்வளவு நிலத்தை வெறுமையாக வைத்திருக்க எந்த நெடுஞ்சாலைத் துறையாலும் ஆகாது. மேடு வருடம் முழுக்க ஒரே மாதிரி மறைக்கும். வளைவு அப்படியல்ல, அது பருவத்துக்குப் பருவம் வேறு. நெல் நட்ட வயலோரம் திறந்து கிடக்கும் வளைவு, அதே வயலில் கரும்பு போட்ட வருடம் ஆளுயரச் சுவராகிவிடும். வெட்டிய மறுநாள் மறுபடி திறக்கும். சீமைக்கருவேலம் இரண்டு மழைக்குள் சாலையோரத்தை அடைத்துவிடும்.

இடப்பக்க வளைவுக்கும் வலப்பக்க வளைவுக்கும் வேறுபாடு உண்டு. நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்கிறார். வலப்பக்கம் திரும்பும் வளைவில் முன்னால் போகும் லாரியின் வலது ஓரமாகக் கொஞ்சம் எட்டிப் பார்க்க முடிகிறது. இடப்பக்கம் திரும்பும் வளைவில் லாரியே திரையாகிவிடும். எட்டிப் பார்க்க வலப்பக்கம் விலகினாலும் தெரிவது வளைவின் வெளிப்புறம்தான், வரவேண்டியவன் வருவதோ லாரிக்கு மறைவில் இருந்து. இடப்பக்க வளைவில் ‘பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்’ என்று எதிர்த்தடத்துக்கு மூக்கை நீட்டுபவர், பார்ப்பதற்கு முன்பே ஆபத்துக்குள் நுழைந்துவிடுகிறார்.

இந்த வாதத்துக்கு வழக்கமாக வரும் மறுப்பு: இது நான் தினமும் போகும் ரோடு, ஒவ்வொரு வளைவும் எனக்கு அத்துபடி. பழக்கம் தரும் அறிவைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை, வளைவு எங்கே முடிகிறது என்பது தெரிந்திருப்பது வெளியூர்க்காரருக்கு இல்லாத வசதிதான். ஆனால் அது சாலையைப் பற்றிய அறிவு, அந்த நிமிடத்தில் சாலையில் வந்துகொண்டிருப்பதைப் பற்றியதல்ல. பழகிய வளைவில் ஆயிரம் முறை எதிரே யாரும் வரவில்லை என்பது, அந்தச் சாலையில் வண்டி குறைவு என்பதை மட்டுமே காட்டுகிறது.

இன்னொரு மறுப்பு கணக்கோடு வரும், அதனால் அதற்குக் கணக்கிலேயே பதில் சொல்ல வேண்டும். என் வண்டிக்குப் பலம் அதிகம், 80இல் போகாமல் 100இல் தாண்டினால் நேரம் பாதியாகிவிடாதா? ஆகும். வேக வித்தியாசம் 20இலிருந்து 40 ஆகிறது, அந்த 56 மீட்டரை ஐந்து வினாடியில் கடக்கலாம், தேவைப்படும் தூரம் 250 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். மெதுவாக முந்துவதுதான் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு என்பதை இந்த மறுப்பு சரியாகவே சுட்டிக்காட்டுகிறது. சிக்கல், வலப்பக்கம் ஏறும்போதே கார் 100இல் இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும் என்பதில் இருக்கிறது. நடைமுறையில் கார் பேருந்துக்குப் பின்னால் 60இல் மாட்டிக்கொண்டுதான் இருக்கும். ஐந்து பேரையும் டிக்கி நிறையப் பெட்டிகளையும் ஏசியையும் சுமந்த ஒரு சிறிய கார் 60இலிருந்து 100க்கு ஏற எட்டுப் பத்து வினாடி எடுக்கலாம், ஏற்றத்தில் இன்னும் கூடுதலாக. மிச்சம்பிடித்ததாக நினைத்த நேரம் அங்கேயே செலவாகிவிடும். வளைவிலும் மேட்டிலும் தெரியும் தூரம் அந்த 250ஐக்கூட எட்டுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டினால் நிற்கும் தூரம் 120இலிருந்து 180 ஆகிறது, ஆகவே மனம் மாறித் திரும்பும் வழியும் சுருங்குகிறது.

இரவில் எதிரே வருபவரின் விளக்கு வளைவுக்கு முன்பே மரங்களில் அடிக்கிறதே, மேட்டுக்கு மேல் வெளிச்சம் எழுகிறதே என்பார்கள். உண்மை, காருக்கும் லாரிக்கும் அது நல்ல முன்னறிவிப்பு. விளக்கே இல்லாத டிராக்டர் டிரெய்லருக்கும், சைக்கிளுக்கும், பழுதாகி ஓரத்தில் நிற்கும் லாரிக்கும் அது எதையும் அறிவிக்காது. வெளிச்சம் வந்தால் வண்டி வருகிறது என்று பொருள். வெளிச்சம் வராவிட்டால் எதுவும் வரவில்லை என்று பொருள் அல்ல. ஹாரன் விஷயமும் இதுதான். கண்ணாடி ஏற்றி, பாட்டுப் போட்டு வருபவருக்கு அது கேட்குமா என்பது ஒருபக்கம் இருக்கட்டும், கேட்டாலும் அவருடைய நிற்கும் தூரம் ஒரு மீட்டர்கூடக் குறையாது.

இவை எல்லாம் தெரியாத தூரத்தைப் பற்றியவை. நேரான, திறந்த சாலையில் 400 மீட்டர் தெரிகிறது, எதிரே ஒரு கார் இருக்கிறது, போகலாமா? இங்கே கண்ணே ஏமாற்றுகிறது. எதிரே வரும் வண்டியின் வேகத்தை நாம் அறிவது, அதன் உருவம் கண்ணில் பெரிதாகும் விதத்தை வைத்து. தூரத்தில் உருவம் மிக மெல்லத்தான் வளரும், கிட்டே வந்ததும் திடீரென்று வீங்கும். இந்த வளர்ச்சி ஓர் அளவைத் தாண்டினால்தான் மூளை அதை வேகமாக உணர்கிறது என்று பார்வை பற்றிய சோதனைகள் காட்டியிருக்கின்றன. அந்த அளவை இங்கே பொருத்தினால், இரண்டு மீட்டர் அகலக் கார் நம்மைப் போலவே 80இல் எதிரே வரும்போது, அது ஏறக்குறைய 170 மீட்டருக்குள் வந்த பிறகே அதன் வேகம் நமக்குப் பிடிபடும். அதற்கு முன் தெரிவது ‘ஒரு கார் இருக்கிறது’ என்பது மட்டுமே. அது 60இல் வருகிறதா 110இல் வருகிறதா என்பது தெரியாது. மோட்டார் சைக்கிள் ஒல்லியானது என்பதால் இந்தத் தூரம் இன்னும் சுருங்கும். முந்துவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது 400, 500 மீட்டரில், முடிவுக்கான தகவல் கிடைப்பதோ 170இல். அனுபவசாலியின் கண்ணும் இதற்கு விலக்கல்ல. அனுபவம் அவருக்குத் தருவது, எதிரே வருபவன் வேகமாகத்தான் வருவான் என்று வைத்துக்கொள்ளும் பழக்கம்.

சட்டம் இந்தக் கணக்கையெல்லாம் எழுதவில்லை, ஆனால் அதன் வாசகம் இதோடு ஒத்துப்போகிறது. 1989இல் வந்த சாலை விதிகள், வளைவு, திருப்பம், மேடு அல்லது வேறெந்த மறைப்பாலும் முந்துவது ஆபத்தாகும் இடத்தில் முந்தக்கூடாது என்றன. 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. நான்கு பக்கமும் திறந்த வயலில் மெல்ல வளையும் சாலையில், அரை கிலோமீட்டர் தெளிவாகத் தெரிந்தால் என்ன? அங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியது நடுக்கோடு. விட்டு விட்டுப் போட்ட கோடு, கவனத்தோடு தாண்டலாம் என்கிறது. உடையாத தொடர்கோடு தாண்டாதே என்கிறது. தொடர்கோடும் உடைந்த கோடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், உங்கள் பக்கத்தில் இருப்பதே உங்களுக்கான ஆணை. மேட்டில் ஏறுபவருக்கு உச்சி மறைக்கும், அதைத் தாண்டி இறங்கத் தொடங்கியவருக்கு முன்னே எல்லாம் தெரியும், அதனால்தான் ஒரே இடத்தில் இரண்டு ஆணைகள். உடைந்த கோடு ‘போ’ என்று சொல்வதாகப் படிப்பது தவறு. காலி இடம் இருக்கிறதா என்பதைக் கோடு போட்டவர் அறிய மாட்டார், மறைப்பு இல்லை என்பதை மட்டுமே அறிவார். தொடர்கோடு தொடங்குவதற்குச் சற்று முன் முந்தத் தொடங்குபவரும் கோட்டை நம்பி ஏமாறுகிறார். அவருடைய பத்து வினாடி கோட்டுக்கு அப்பால்தான் முடியும்.

சந்திப்புகள் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காமல் திமிறுகின்றன. சாலை நேராக இருக்கிறது, ஒரு கிலோமீட்டர் கண்ணுக்கு எட்டுகிறது, எதிரே யாரும் இல்லை, ஆனாலும் ஊர்ச்சாலை பிரியும் இடத்துக்கு அருகில் முந்தக்கூடாது. ஏன்? 470 மீட்டர் கணக்கு சொல்லாமலே ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஆபத்து, தெரியும் சாலையின் தொலைமுனையிலிருந்துதான் வரும். சந்திப்பில் அது நடுவிலிருந்து வருகிறது. உங்களுக்கு வலப்பக்கத்தில் ஓர் ஊர்ச்சாலை வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து, இடப்பக்கம் திரும்பி நெடுஞ்சாலையில் ஏறப்போகிறார். அவர் ஏறும் தடத்தில் வண்டிகள் அவருக்கு வலப்பக்கத்திலிருந்துதான் வரும், ஆகவே வலப்பக்கம் பார்க்கிறார். யாருமில்லை, ஏறுகிறார். நீங்களோ முந்துவதற்காக அதே தடத்தில், அவருக்கு இடப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறீர்கள். அவர் செய்ததில் கவனக்குறைவு என்று சொல்ல அதிகம் இல்லை. வண்டி வரவே கூடாத திசையை அவர் பார்க்கவில்லை.

முன்னால் போகும் வண்டியும் சந்திப்பில் வேறு பொருள் கொள்கிறது. 1989 விதிகளில், பின்னால் வருபவரை முந்தச் சொல்ல வலக்கையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் அசைக்கும் சைகை இருந்தது. இன்று நெடுஞ்சாலையில் பல லாரி ஓட்டுநர்கள் அதற்குப் பதில் வலது இண்டிகேட்டரைப் போடுகிறார்கள். முன்னே காலி, நீங்க போங்க என்று பொருள். உயரமான கேபினில் உட்கார்ந்திருப்பதால் மேட்டில் கார்க்காரரைவிட அவருக்குச் சில பத்து மீட்டர் கூடுதலாகத் தெரியும், எனவே இந்த உபகாரத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதே வலது இண்டிகேட்டருக்குச் சட்டம் கொடுத்த பொருள், நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன் என்பது. ஊர்ச்சாலைக்கு நூறு மீட்டர் முன்னால், கரும்பு லோடு ஏற்றிய லாரி வேகத்தைக் குறைத்து வலது இண்டிகேட்டரைப் போடுகிறது. வழிவிடுவதற்காகக் குறைக்கிறதா, ஆலைக்குத் திரும்பக் குறைக்கிறதா? பின்னாலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றே போலத்தான் இருக்கும். வண்டி நடுக்கோட்டை நோக்கிச் சற்றே சாய்கிறதா, இடப்பக்க ஓரத்தைப் பிடிக்கிறதா என்பதில்தான் விடை இருக்கிறது. அது தெரியவர, அதன் பின்னாலேயே இன்னும் நான்கைந்து வினாடி போக வேண்டியிருக்கும்.